சில்வியாவுக்குப் பக்கத்து நாற்காலி

நவ்ரீன் அந்த ஆபீசுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜெராக்ஸ் மெஷினின் எந்தத் தட்டில் பேப்பர் சிக்கும், எந்தப் பக்கமாக இழுத்தால் கிழியாமல் வரும் என்பது அவளுக்குத் தெரியும். மானேஜருக்குச் சர்க்கரை இல்லாத டீ, முதலாளிக்கு இஞ்சி போட்ட டீ என்பது தெரியும். கூரியர்காரன் எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவான் என்று தெரியும். பில் ஆஃப் என்ட்ரி எப்படிப் போடுவது என்று மட்டும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்தாள்.

ராயபுரத்தில் துறைமுகச் சாலையைப் பார்த்த பழைய கட்டடம். கீழே டயர்க் கடை, மேலே யேசுதாஸின் கிளியரிங் ஆபீஸ். கப்பலில் வரும் சரக்குக்குக் கஸ்டம்சில் கணக்குக் காட்டி, வரி கட்டவைத்து, வெளியே எடுத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். சரக்கு இன்னது, விலை இவ்வளவு, வரி இவ்வளவு என்று கஸ்டம்சுக்குச் சொல்லும் தாக்கல்தான் பில் ஆஃப் என்ட்ரி. அதை அனுப்புவதற்கு முன்னால் எல்லா விவரத்தையும் சாஃப்ட்வேரில் ஏற்றி, செக்லிஸ்ட் எடுத்து, சரக்குக்காரனிடம் காட்டி 'சரி' வாங்க வேண்டும். ஆபீசில் அதைச் செய்வது சில்வியா. அவள் செய்ததை மானேஜர் பீம்ராவ் வரி வரியாகப் பார்ப்பார். கடைசியில் யேசுதாஸ் தன் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு அனுப்புவார்.

சில்வியாவுக்கு மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை தூத்துக்குடி. போய்விடுவாள். அந்த நாற்காலி காலியாகும். இதை நவ்ரீனிடம் சொன்னதே சில்வியாதான்.

"செக்லிஸ்ட் போடத் தெரிஞ்சா நீயே உக்காந்துக்கலாம்டி. பீம்ராவ் சார் வெளிய ஆள் தேடிகினு இருக்க மாட்டாரு. தெரியலன்னா எவனாவது கோர்ஸ் முடிச்சவன் வந்து குந்துவான்."

"கத்துக்குடுங்கக்கா."

"எனக்கு இன்னா, நான் சொல்லித் தர்றேன். சார் சொல்லட்டும். அவரு சொல்லாம நீ இங்க வந்து நின்னா, 'ஜெராக்ஸ் யாரு எடுக்கறது'ன்னு என் தலையிலதான் வுழும்."

நவ்ரீனுக்கு அந்த நாற்காலி வேண்டும். தண்டையார்பேட்டையில் அவள் வீட்டுச் சந்தில் பி.காம். முடித்த பெண்கள் உண்டு. ஒருத்தி ஜவுளிக் கடையில் நிற்கிறாள். நின்று நின்று அவளுக்குக் கால் வீங்குகிறது. இன்னொருத்தி நகைக் கடையில் பை கொடுக்கும் இடத்தில் இருக்கிறாள். உட்கார்ந்து செய்யும் வேலை, படித்ததைச் செய்யும் வேலை, அந்தச் சந்தில் யாருக்கும் இல்லை. அவள் அம்மா அஜீசுன்னிசா இப்போதே பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். வேலை ஒன்று கையில் இருந்தால் அந்தப் பேச்சை நிறுத்தலாம்.

கல்லூரியில் அவளுக்குப் பொறுப்பான ஆசிரியை புஷ்பவல்லி. போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"யாருகிட்டப் பேசணும்னு முதல்ல பாரு. ஓனர்கிட்டப் போகாதே. உனக்கு வேலை கொடுக்கறவர் மானேஜர்தானே, அவர்கிட்டப் பேசு. அவர் தனியா இருக்கும்போது பேசு, அவசர வேலை முடிஞ்ச பிறகு. 'ஜெராக்ஸ் மட்டும்தான் கொடுக்கறீங்க'ன்னு ஆரம்பிக்காதே. அது குத்தம் சொல்ற மாதிரி. இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கேன்னு சொல்லு. என்ன கத்துக்கணும்னு சொல்லு. பெருசா கேட்காதே, அவரால 'சரி'ன்னு சொல்ல முடியற அளவுக்குக் கேளு. என் வேலையும் நிக்காதுன்னு சொல்லு."

"கோவப்பட்டாருன்னா மேடம்?"

"மரியாதையா கேட்டதுக்கு யாரும் கோவப்பட மாட்டாங்கம்மா."

நவ்ரீன் வீட்டில் குளியலறைக்குள் நின்று சொல்லிப் பார்த்தாள். வெளியே தம்பி தப்ரேஸ் கதவைத் தட்டினான். "யார்கிட்ட பேசிகினு கீற? பைத்தியமா புடிச்சிக்கிச்சு?"

மறுநாள் மத்தியானம் தாக்கல் எல்லாம் போய் முடிந்தது. யேசுதாஸ் பாங்குக்குப் போயிருந்தார். பீம்ராவ் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

"இன்னாமா, லீவா?"

"இல்ல சார். வந்ததுலேர்ந்து ஃபைல் செட் போடறேன். ஷிப்பிங் லைன் ஆபீஸ்ல போய் டெலிவரி ஆர்டர் வாங்கிட்டு வரேன். எந்தப் பேப்பர் எங்க போவணும்னு இப்ப எனக்குத் தெரியுது சார். அதுக்கு ரொம்ப தேங்க்ஸ்."

பீம்ராவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"செக்லிஸ்ட் போடறதும் கத்துக்கணும்னு ஆசை சார். காலேஜ்ல வைவா கீது. நானே போட்டது ஒண்ணாவது காட்டணும். மூணு மணிக்கு மேல ஜெராக்ஸ் வேலை கம்மியாத்தான் இருக்கு. அப்ப சில்வியாக்கா பக்கத்துல உக்காந்து பாக்கலாமா சார்? லைவ் ஃபைல் தொட மாட்டேன். ஜெராக்ஸ் ஏதாவது வந்தா எழுந்து வந்து எடுத்துக் குடுத்துர்றேன்."

பீம்ராவ் டீ கிளாசைத் தள்ளி வைத்தார்.

"நான் இந்த லைனுக்கு வந்தப்ப எனக்கு ரெண்டு வருசம் எவனும் ஒண்ணியும் சொல்லித் தரல. ஹார்பர் கேட்ல ஃபைல தூக்கிகினு நின்னேன். நானா எட்டி எட்டிப் பாத்துக் கத்துக்கினேன். அப்பல்லாம் கேட்டா அடிப்பான்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ கேட்ட. நல்லதுதான். எனக்கே தோணியிருக்கணும். இவ்ளோ நாள் இட்டாந்து டீ வாங்க வுட்டுகினு இருந்துட்டேன். ஏய் சில்வியா."

"சார்."

"இந்தப் பொண்ணுக்கு உன் பக்கத்துல ஒரு சேர் போடு. முடிஞ்ச ஃபைல் ஒண்ண குடு. பேப்பர்ல அதுவே போடட்டும். அப்பறம் நாம தாக்கல் பண்ணதோட ஒத்துப் பாக்கட்டும். தப்பு எங்கன்னு அதுக்கே தெரியும்."

சில்வியா திரும்பி நவ்ரீனைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

முதல் ஃபைல் பம்ப் உதிரி பாகம். இன்வாய்சில் 'பார்ட்ஸ்' என்று மட்டும் இருந்தது. நவ்ரீன் அதற்கான வரி எண்ணைப் புத்தகத்தில் தேடிக்கொண்டே இருந்தாள்.

"பார்ட்ஸ்னு போட்டா ஏமாறாத," என்றாள் சில்வியா. "எதோட பார்ட்ஸ்னு கேளு. பம்போடதா, மோட்டாரோடதா, காரோடதா. அத வெச்சித்தான் நம்பர் மாறும், வரி மாறும். தெரியலன்னா பார்ட்டிக்கு போன் போடு. நீயா ஊகிச்சிக்காத. ஊகிச்சின்னா அபராதம்."

அடுத்த நாள் விலைக் கணக்கு. நவ்ரீன் இன்வாய்சில் இருந்த தொகைக்கே வரி போட்டிருந்தாள். தாக்கலோடு ஒத்துப் பார்த்தால் குறைந்தது. பேனாவை வாயில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சில்வியா அவள் பக்கம் திரும்பாமல், வேண்டுமென்றே கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது எஃப்.ஓ.பி. விலை. கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேரல. அதையும் கூட்டிட்டுத்தான் வரி போடணும்."

"அப்பாடா. எங்க மாமியாரு ஊருக்கு நான் நிம்மதியா போலாம்."

நவ்ரீன் சிரித்தாள். அந்த ஆபீசில் அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான். பீம்ராவ் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அந்த வாரம் முழுக்க அப்படி நடந்தது. ஜெராக்ஸ் மெஷின் பக்கம் கொஞ்சம் பேப்பர் சேர்ந்தது. நவ்ரீன் எழுந்து போய் எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். யேசுதாஸ் ஒருநாள் மாலை தன் அறையிலிருந்து வந்து, "அந்த டைல்ஸ் ஃபைல் செட்டு எங்க?" என்று கேட்டார். "இதோ எடுத்துடறேன் சார்," என்று நவ்ரீன் எழுந்தாள். அவர் நாற்காலியைப் பார்த்தார்.

"இங்க இன்னா பண்றா?" என்று பீம்ராவைக் கேட்டார்.

"கத்துக்கறேன்னு கேட்டுச்சு சார். உக்கார வெச்சிகீறேன்."

"ஓ," என்றார் யேசுதாஸ். உள்ளே போய்விட்டார்.

யேசுதாசுக்கு மணலியில் ஒரு குடோன் உண்டு. உடனே எடுத்துப்போக முடியாத சரக்கை அங்கே இறக்கி வைப்பார்கள். நவ்ரீனின் அத்தா சௌக்கத் அலி அந்த குடோனில் லோடுமேன். நிரந்தர வேலை இல்லை. மேஸ்திரி மணி காலையில் யார் பேரைச் சொல்கிறானோ அவனுக்கு அன்று வேலை. சொல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே ரிஃபைனரி லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். நவ்ரீனுக்கு இந்த ஆபீசில் இடம் கேட்டதும் அவர்தான். குடோனைப் பார்க்க வந்த முதலாளி காரில் ஏறும்போது, கையிலிருந்த தூசியை லுங்கியில் துடைத்துக்கொண்டு போய்க் கேட்டார். "அனுப்பு பாய்," என்று யேசுதாஸ் கார்க் கதவைச் சாத்தினார். அந்த ஒரு வார்த்தையைச் சௌக்கத் அலி சந்து முழுக்கச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை யேசுதாஸ் குடோனுக்குப் போனார். சிமெண்டுத் தரையில் சௌக்கத் அலியும் மற்றவர்களும் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாய், உம் பொண்ணு பீம்ராவ் கிட்ட போயி வேலை கத்துக்குடுன்னு கேட்டுச்சாமே. இப்ப கம்ப்யூட்டர் பக்கத்துலதான் உக்காந்துகினு கீது."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கணக்கு பார்க்கப் போய்விட்டார். கோபமா சந்தோஷமா என்று அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. சௌக்கத் அலிக்கு மட்டும் கை நின்றுவிட்டது. பின்னால் வந்தவன், "இன்னா மாமு, நட்ட நடுவுல நிக்கற, தள்ளு," என்று இடித்துக்கொண்டு போனான்.

அவர் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது மகளை இரண்டு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை நவ்ரீன் ஆபீசில் இருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தா. பெருநாளுக்குத் தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். மணலியில் அந்த நேரத்துக்கு அவர் பேரை மேஸ்திரி சொல்லி முடித்திருக்க வேண்டும்.

"அத்தா? இன்னா ஆச்சு? அம்மாவுக்கு ஏதாவதா?"

அவர் கண்ணாடிக் கதவுக்குள் இருந்த யேசுதாசைப் பார்த்துக் கும்பிட்டார். யேசுதாஸ் வெளியே வந்தார்.

"இன்னா பாய், இங்க?"

"சார், மன்னிச்சுக்கணும். அது சின்னப் பொண்ணு. தெரியாம கேட்டுடுச்சு."

"எத கேட்டுடுச்சு?"

"அதான் சார், நேத்து சொன்னீங்களே. வேற வேலை வேணும்னு கேட்டுச்சுன்னு. அது அப்டி கேக்கற பொண்ணு இல்ல சார். காலேஜ்ல யாரோ சொல்லிக் குடுத்துகீறாங்க. நீங்க மனசுல வெச்சிக்கக் கூடாது."

சில்வியா தட்டுவதை நிறுத்தினாள். நவ்ரீன் முன்னால் வந்தாள்.

"அத்தா, நான்..."

"நீ சும்மாயிரு."

"அட, நான் இன்னா வேணாம்னா சொன்னேன்?" என்றார் யேசுதாஸ். "சும்மா பேச்சுக்குச் சொன்னேன் பாய். கத்துக்கட்டுமே."

"இல்ல சார். அது ஜெராக்ஸே எடுக்கும். டீ வாங்கியாரச் சொல்லுங்க, வாங்கியாரும். கூட்டச் சொன்னாலும் கூட்டும். நீங்க எத குடுக்கறீங்களோ அத செய்யும். இனிமே வாய் தொறக்காது. நான் ஜவாப்தாரி."

ஜெராக்ஸ் மெஷின் மேல் டைல்ஸ் ஃபைல் பிரித்தபடி கிடந்தது. அதை யேசுதாஸ் பார்த்ததை நவ்ரீன் பார்த்தாள்.

"சரி பாய், உங்க இஷ்டம். எனக்கு ஒண்ணியும் இல்ல. பெத்தவரு சொல்றீங்க."

பீம்ராவ் ஒரு வார்த்தை பேசுவார் என்று நவ்ரீன் நினைத்தாள். 'நான்தான் உக்கார வெச்சேன் சார், நல்லா பண்ணுது' என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. அவர் ஒரு ஃபைலைத் திறந்து அதன் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தது வந்துட்டீங்க, டீ சாப்ட்டுப் போங்க," என்றார் யேசுதாஸ். திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, உங்கப்பாவுக்கு ஒரு டீ சொல்லு. எனக்கும்."

நவ்ரீன் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கீழே போனாள். டீக்கடைக்காரன், "இன்னாம்மா, இன்னிக்கு சீக்கிரமா?" என்றான். அவள் தலையாட்டினாள். திரும்பி வந்து அத்தாவிடம் கிளாசை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், முதலாளியிடம் வாங்குவதுபோல. உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை, நின்றே குடித்தார். போகும்போது அவள் பக்கம் திரும்பி, மெதுவாக, "ஒண்ணியும் ஆவல. சரி பண்ணிட்டேன்," என்றார். முகத்தில் நிம்மதி இருந்தது.

மூன்று மணிக்கு அவள் சில்வியா பக்கம் பார்த்தாள். நாற்காலி அங்கே இல்லை. பழையபடி சுவரோரம் போயிருந்தது, அதன் மேல் கட்டு கட்டாகப் பேப்பர்.

அன்று சாயந்திரம் வீட்டில் அவள் தட்டை நகர்த்திவிட்டாள்.

"நான் தப்பா ஒண்ணும் கேக்கல அத்தா. மரியாதையாத்தான் கேட்டேன். பீம்ராவ் சாரே 'நல்லது'ன்னாரு. கத்துக்கினு இருந்தேன். நல்லா வந்துகினு இருந்துச்சு."

"மரியாதையா கேட்டா இன்னா, மரியாதை இல்லாம கேட்டா இன்னா?" சௌக்கத் அலி குரலை உயர்த்தவில்லை. "ராமதாஸ் மாமா தெரியுமில்ல. கண்ணாடிப் பொட்டி எறக்கசொல்ல கை கிழியுது, கிளவுஸ் குடுங்கன்னு கேட்டான். அண்ணேன்னு கூப்ட்டுத்தான் கேட்டான். மணி சிரிச்சிகினே 'குடுத்துட்டாப் போச்சு'ன்னான். அடுத்த நாள்லேர்ந்து அவன் பேரச் சொல்லல. ஒரு வார்த்த திட்டல, போடான்னு சொல்லல. பேர மட்டும் சொல்லல. இப்ப காசிமேட்டுல ஐஸ் தூக்கிகினு கீறான்."

"அது குடோன். இது ஆபீஸ்."

"ஒரே மொதலாளிதானே?"

அம்மா சோற்றைத் தட்டில் போட்டு அவள் பக்கம் தள்ளினாள். "உங்கத்தா இன்னிக்கு வேலைய வுட்டுட்டு உனக்காகப் போயிகீறாரு. துன்னு."

"எனக்காக இல்லம்மா."

"அப்பறம் யாருக்காக?"

திங்கட்கிழமை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவள் மறுபடி பீம்ராவிடம் போனாள். இந்தத் தடவை எதையும் சொல்லிப் பார்த்துவிட்டு வரவில்லை.

"சார், எங்க அத்தா பயந்துட்டாரு. அவரு சொன்னத எடுத்துக்காதீங்க. எனக்குக் கத்துக்கணும் சார்."

"தெரியும்மா." பீம்ராவ் வாசலைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். "நீ மட்டும் கேட்டப்ப அது எனக்கும் உனக்கும் நடுவுல. நான் பண்ணிட்டேன். இப்ப உங்கப்பா மொதலாளி எதிர்ல வந்து வேணாம்னுட்டாரு. மொதலாளியும் சரின்னுட்டாரு. அதுக்கு மேல நான் உன்ன உக்கார வெச்சா, நான் அவரு பேச்ச மீறுன மாதிரி. உங்கப்பா பேச்சயும் மீறுன மாதிரி. அப்பறம் ஏதாவது ஒண்ணு தப்பாச்சுன்னா நீயும் மாட்டுவ, நானும் மாட்டுவேன், அங்க உங்கப்பாவும் மாட்டுவாரு."

"அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் சார்."

பீம்ராவ் அவளை நேராகப் பார்த்தார். "ஆமா," என்றார். "சொல்லியிருக்கலாம்." பிறகு ஒரு கட்டுப் பேப்பரை எடுத்து நீட்டினார். "நாலு செட்டு."

புஷ்பவல்லி மேடத்துக்குப் போன் செய்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"காலேஜ் லெட்டர்ஹெட்ல நான் மெயில் போடறேன் நவ்ரீன். ட்ரெயினிங்ல இன்னின்ன சொல்லித் தரணும்னு ஒப்புக்கிட்டுத்தானே எடுத்திருக்காங்க. அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கு. பணிவாவே எழுதறேன்."

நவ்ரீன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கீழே டயர்க் கடையில் ரிம்மைச் சுத்தியலால் அடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. மெயில் வந்தால் யேசுதாஸ் படிப்பார். கோபப்பட மாட்டார், சிரிப்பார். வெள்ளிக்கிழமை குடோனுக்குப் போவார். போய் ஏதாவது சொல்வார், அல்லது எதுவும் சொல்ல மாட்டார். அத்தாவின் பேரை மணி சொல்வானோ மாட்டானோ. ஒன்றுமே நடக்காமலும் போகலாம். அதை எப்படித் தெரிந்துகொள்வது? நடந்தால்தான் தெரியும். அத்தா சொன்னது பொய் என்று அவளால் இப்போது சொல்ல முடியவில்லை.

"வேணாம் மேடம்."

"வேற கம்பெனி பார்க்கட்டுமா?"

"இனிமே யாரு மேடம் எடுப்பாங்க, பாதியில? எங்க அத்தாவுக்கும் கஷ்டம்."

"வைவாவுக்கு என்ன பண்ணுவே?"

"நான் பார்த்த அந்த ரெண்டு ஃபைலை வெச்சு எழுதறேன்."

அப்படித்தான் எழுதினாள். சில்வியா திருட்டுத்தனமாகக் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டின்போது மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே, "லைசன்ஸ் வேணும்கற சரக்குன்னா மொதல்லயே பாத்துக்கோ, வந்தப்பறம் பாத்தா கன்டெய்னர் நின்னுடும்," என்பாள். நவ்ரீன் தலையாட்டுவாள். வாயால் சொல்லிக் கேட்டதெல்லாம் கையில் நிற்கவில்லை. ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு தப்பு செய்து திருத்தினால்தான் அந்த வேலை வரும். இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. சில்வியாவுக்குக் கல்யாணப் புடவை எடுக்கும் வேலையும் சேர்ந்தது. பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஏப்ரல் கடைசியில் அஃப்ரித் என்ற பையன் வந்தான். பாரிமுனையில் ஏதோ இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மாதம் படித்தவன். பீம்ராவ் அவனை உட்கார வைத்து ஒரு ஃபைலைக் கொடுத்தார். அவன் சாஃப்ட்வேரைத் திறந்து கடகடவென்று ஏற்றினான். ஓரிடத்தில் நின்றான். "சார், இது எஃப்.ஓ.பி.யா, சி.ஐ.எஃப்.பா?" என்றான். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்து நவ்ரீனுக்கு அந்த இன்வாய்சின் மேல்பக்கம் தெரிந்தது. கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேராத விலை, எஃப்.ஓ.பி. அவள் வாயைத் திறந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. மூடிக்கொண்டாள்.

சில்வியா போன அன்று அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நவ்ரீனுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். இறக்குமதி ஆவணங்கள் தயாரிப்பதில் நல்ல பயிற்சி பெற்றார், ஒழுக்கம் மிக நன்று என்று இருந்தது. யேசுதாஸ் கையெழுத்துப் போட்டு நீட்டி, "நல்ல பொண்ணு, நல்லா வரும்," என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார்.

அடுத்த வாரம் ஒருநாள் சௌக்கத் அலி குடோனிலிருந்து வந்து, கை கால் கழுவாமல், அப்படியே நடுவீட்டில் உட்கார்ந்தார். கழுத்து மடிப்பில் சரக்குத் தூசி ஒட்டியிருந்தது. நவ்ரீன் ஜவுளிக் கடைக்கு எழுதிய விண்ணப்பத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி வந்தாரு," என்றார்.

அவள் நிமிரவில்லை.

"நானா பேசல. அவரேதான் பேசுனாரு. சில்வியா போன எடத்துக்கு வெளிய ஆள் போட்டுட்டோம் பாய்ன்னாரு. உம் பொண்ணுக்கே குடுத்துருக்கலாம், அதுக்கு வேலை தெரியலயே, தெரிஞ்சிருந்தா குடுத்துருப்பேன்னாரு."

அடுப்பங்கரையில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

சௌக்கத் அலி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பழைய காய்ப்புதான்.

"நான் போயி கேக்கட்டுமா?" என்றார். "அந்தப் பையன் இப்பத்தானே வந்துகீறான். உனக்கும் கொஞ்ச நாள்ல வந்துரும்னு சொல்றேன். நைசாவே கேக்கறேன். தப்பா எடுத்துக்குவாரா?"

அவர் உண்மையாகவே கேட்டார். அவளுக்குத்தான் தெரியும் என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தார். எப்படிக் கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். யாரிடம், எந்த நேரத்தில், எதிலிருந்து ஆரம்பித்து, எவ்வளவு கேட்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடமாக இருந்தது.

"அந்தச் சேர்ல ஆள் உக்காந்தாச்சு அத்தா," என்றாள்.

அவர் தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை. அம்மா வந்து, தண்ணீர் நின்றுவிடும், குளிக்கப் போங்கள் என்றாள். அதற்கும் தலையாட்டினார்.